ஸ்டேட்மென்ட்டை பார்த்து பணம் அனுப்பாதீங்க: பில் பேப்பர்கள்ல புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

போன மாசம், கணக்குப் பிரிவுல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் ஒரு சப்ளையருக்கு 48,000-க்கு செக் எழுதி கையெழுத்துக்கு கொண்டு வந்தார். கூட பின் பண்ணியிருந்த பேப்பரைப் பார்த்ததும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா அது இன்வாய்ஸே இல்ல, ஸ்டேட்மென்ட். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல இதையேதான் பண்ணேன், கூடுதலா போன பணம் திரும்பி வர மூணு மாசம் ஆச்சு.

ஸ்டேட்மென்ட்டை பில்லா எடுத்துக்கிறது

டெலிவரி நோட் சரக்கு கைமாறினதுக்கு சாட்சி. இன்வாய்ஸ், இந்த சரக்குக்கு இவ்வளவு தரணும்னு கேக்குற பேப்பர். ரசீது, பணம் வந்து சேர்ந்துச்சுன்னு ஒத்துக்கிறது. ஸ்டேட்மென்ட் இது எதுவுமே இல்ல, ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும் அவங்க லெட்ஜர்ல நம்ம கணக்கு எப்படி இருக்குங்கிறதோட நகல், அவ்ளோதான். அதுல புதுசா ஒரு கடனும் உருவாகாது.

அந்த தம்பி கொண்டு வந்த ஸ்டேட்மென்ட் 31-ஆம் தேதி போட்டது. பழைய பாக்கி 12,000, இன்வாய்ஸ் 118-க்கு 30,000, இன்வாய்ஸ் 124-க்கு 18,000, நாங்க கட்டினது 12,000, கடைசில பாக்கி 48,000. கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா நாங்க தர வேண்டியது 48,000 இல்ல.

முதல் விஷயம், இன்வாய்ஸ் 124-க்கான 18,000-ஐ நாங்க 30-ஆம் தேதியே அனுப்பிட்டோம், அவங்க பேங்க்ல 2-ஆம் தேதிதான் ஏறியிருக்கு, அதனால 31-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்ல அது வர வாய்ப்பே இல்ல. ரெண்டாவது, இன்வாய்ஸ் 118-ல 10 பெட்டி, பெட்டி 3,000-ன்னு போட்டிருந்தாங்க, ஆனா வந்தது 8 தான். டெலிவரி நோட்லயே ஸ்டோர்ல இருக்குறவர் "2 பெட்டி குறைவு"ன்னு எழுதி, டிரைவர்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தார். அதுக்கு பில் தொகையில 6,000 குறைச்சுக்கிறோம்னு அவங்க கிரெடிட் நோட் தரணும், இன்னும் தரல. ஆக 48,000-ல 18,000 கழிச்சு, 6,000 கழிச்சா, நிஜமான பாக்கி 24,000. செக் போயிருந்தா சரியா இரட்டிப்பு போயிருக்கும்.

இதைவிட எனக்கு கோவம் வர்ற இன்னொண்ணு இருக்கு, ஸ்டேட்மென்ட்டை இன்வாய்ஸ்னு நினைச்சு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டுடுறது. ஒரே இன்வாய்ஸ் நம்பரை ரெண்டு தடவை போட்டா பல சாஃப்ட்வேர் தடுக்கும், ஆனா ஸ்டேட்மென்ட்ல மொத்தத்துக்குன்னு ஒரு இன்வாய்ஸ் நம்பர் கிடையாது, அதனால நம்ம ஆள் ஸ்டேட்மென்ட் தேதியை நம்பர் கட்டத்துல அடிச்சிடுவார், சாஃப்ட்வேரும் புது பில்னு நம்பி உள்ள விட்டுடும். ஏற்கனவே 118, 124 ரெண்டும் ஏறியிருக்கும், மேல இந்த 48,000, வாங்கின சரக்கோட செலவே ஊதிப் போய் நிக்கும். சப்ளையர் லெட்ஜர்ல நம்பருக்கு பதிலா மாசக் கடைசி தேதி இருக்குற என்ட்ரி கண்ணுல பட்டா, அந்த பேப்பரை முதல்ல எடுத்துப் பாருங்க.

செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டேட்மென்ட்டையும் நம்ம லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டுலயும் இருக்குற வரிகளை டிக் அடிச்சுட்டே வாங்க. மிச்சம் நிக்கிற வரிகள் மட்டும்தான் வேலை. அவங்க ஸ்டேட்மென்ட்ல இருக்கு, நம்ம லெட்ஜர்ல இல்லைங்கிற இன்வாய்ஸ்னா காப்பி கேளுங்க, கூடவே அந்த சரக்கு நிஜமா வந்துச்சான்னு டெலிவரி நோட்டை தேடுங்க. நம்ம லெட்ஜர்ல இருக்கு, அவங்க ஸ்டேட்மென்ட்ல இல்லைங்கிற பணம்னா பேங்க்ல எப்போ போச்சுன்னு பாருங்க. பணம் அனுப்புறது எப்பவும் இன்வாய்ஸை வெச்சுதான், ஸ்டேட்மென்ட் சரிபார்க்க மட்டும்.

எண்ணாம டெலிவரி நோட்ல கையெழுத்து

மேல சொன்ன 6,000 எங்களுக்கு தப்பிச்சது அந்த ஒரு வரி கையெழுத்தாலதான். பெரும்பாலும் டெலிவரி நோட்ல விலை இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான், அதனாலதான் நிறைய பேர் அலட்சியமா கையெழுத்து போட்டு அனுப்பிடுறாங்க. குறிப்பு எதுவும் எழுதாம கையெழுத்து போட்ட நோட் அவங்க கையில இருந்தா, அப்புறம் குறைவுன்னு நிரூபிக்க ரொம்ப கஷ்டப்படணும். பிரிச்சுப் பார்க்க நேரமில்லைன்னா "பெட்டி எண்ணிக்கை மட்டும் பார்த்தது, உள்ள இருக்குறது பார்க்கல"ன்னாவது எழுதுங்க.

எந்த இன்வாய்ஸுக்குன்னு எழுதாத ரசீது

வாங்காதீங்க. நம்பர் இல்லன்னா அவங்க பழைய பாக்கில வரவு வெச்சுட்டு, நீங்க கட்டின பில் இன்னும் நிக்குதுன்னு கேப்பாங்க.

புரோஃபார்மாவை இன்வாய்ஸா ஏத்துறது

அது விலை சொல்ற பேப்பர். லெட்ஜர்ல ஏத்தக்கூடாது.