பெரிய வரைபடத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வரைபடங்களைப் பார்க்க இப்போது எந்த நாட்டுக்கும் போகத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்து வரைபடங்களை நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகமே இணையத்தில் போட்டிருக்கிறது. போனில் திறந்து விரலால் விரித்தால் ஊர், ஒழுங்கை, குளம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதில் நம் ஊர்ப் பக்கத்தை மட்டும் வெட்டி ஒரு கட்டுரைக்கோ கோயில் மலருக்கோ கொடுக்கலாம் என்று சேமித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் கலங்கிப்போய் இருக்கும். அனேகமானோர் ஸ்கேன் சரியில்லை என்று நினைத்து அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஸ்கேனில் பிழை இருப்பது அரிது. எடுத்த விதத்தில்தான் பிழை.

கணக்குக்கு ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். குடாநாடும் தீவுப்பகுதியும் அடங்கியது, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்தது, அகலம் 60 அங்குலம். அதை அங்குலத்துக்கு 600 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால் அகலம் 36,000 பிக்சல். உயரம் 28,000 என்று வைப்போம். இரண்டையும் பெருக்கினால் 100 கோடிக்குச் சற்று மேல், அதாவது ஒரு கிகாபிக்சல். இதில் ஒரு பிக்சல் நிலத்தில் ஏறத்தாழ 2.7 மீற்றர். நமக்கு வேண்டியது நல்லூரும் அதைச் சுற்றி ஆறு மைல் அகலமும்தான்.

இவ்வளவு பெரிய படத்தை யாரும் ஒரே கோப்பாக உலாவிக்கு அனுப்புவதில்லை. முழு அளவு, பாதி, கால் என்று பல மட்டங்களில் வைத்து, ஒவ்வொரு மட்டத்தையும் சிறு சதுரங்களாக, அதாவது டைல்களாக அனுப்புவார்கள். ஒரு டைல் பெரும்பாலும் 256 அல்லது 512 பிக்சல் இருக்கும். திரைக்கு எந்த மட்டம் போதுமோ அந்த மட்டத்தில், திரையில் விழும் டைல்கள் மட்டுமே நம்மிடம் வரும். ஸ்கிரீன்ஷாட் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதில் இருக்கிறது. ஆறு மைல் அகலத்தையும் ஒரே திரையில் கொண்டுவந்து நிறுத்தினால், 3,600 பிக்சலில் இருக்கும் பகுதி 1,300 பிக்சல் அகலத் திரைக்குள் சுருங்கித்தானே வரும்? திரையில் இருந்ததைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். படத்தின் மேல் வலது சொடுக்கிச் சேமிப்பதும் உதவாது. ஒன்றில் அந்தத் தெரிவே வராது, வந்தால் ஒற்றை டைலோ திரை அளவுப் படமோதான் கிடைக்கும்.

எனவே திரையை விட்டுவிட்டு மூலத்திடம் நேரே கேட்க வேண்டும். கணினி உலாவியில் F12 அழுத்தி, `Network` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றினால், `info.json` என்று முடியும் ஒரு முகவரி வருகிறதா என்று தெரியும். வந்தால் அந்த வரைபடம் ட்ரிபிள் ஐ எஃப் முறையில் இருக்கிறது என்று அர்த்தம். உலகின் பெரிய நூலகங்கள் பல பின்பற்றும் பொது முறை இது. `info.json` கோப்பைத் திறந்தால் `width`, `height` என்று படத்தின் உண்மையான அளவு இருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். இந்த முறையில் வேண்டிய பகுதி முகவரியிலேயே எழுதப்படும். `/info.json` இருந்த இடத்தில் இப்படி:

```
/பகுதி/அளவு/0/default.jpg
```

இனித்தான் பெரிய தவறு. பகுதியைக் கணக்கிட அலுத்துக்கொண்டு, முழுப் படத்தையும் இறக்கிவிட்டுப் பிறகு வெட்டுவோம் என்று பலர் `/full/max/0/default.jpg` என்று கேட்கிறார்கள். படம் வந்தும் விடும், அதுவும் சுறுக்காக. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் திறந்து பார்த்தால் அகலம் 2,000 பிக்சல்தான் இருக்கும். `info.json` கோப்பில் `maxWidth` என்று ஒரு வரி இருந்திருக்கும், அதில் 2000 என்று போட்டிருப்பார்கள். `max` என்றால் “நான் அனுப்பக்கூடிய அதிகபட்சம்” என்றுதான் சேவையகம் எடுத்துக்கொள்ளும், படத்தின் முழு அளவு என்று அல்ல. 36,000 பிக்சல் 2,000 ஆனால் பதினெட்டு மடங்கு சுருக்கம். நிலத்தில் 100 மீற்றர் நீளமான ஒரு குளம் மூலத்தில் 37 பிக்சல் இருக்கும். யமுனா ஏரி மாதிரி மடங்கிய கரை என்றாலும் அதில் தெரிந்துவிடும். இந்தப் படத்தில் அது 2 பிக்சல், வெறும் புள்ளி.

“முழுத் தெளிவில் தர மாட்டார்கள்” என்று இந்த இடத்தில் திரும்பிப் போகிறவர்கள் அதிகம். அந்த வரம்பு வரைபடத்துக்கு அல்ல, ஒரு தடவை அனுப்பும் படத்துக்கு. சின்னப் பகுதியைக் கேட்டால் அதே சேவையகம் அதை முழுத் தெளிவில் தரும். வரம்பு இல்லாவிட்டாலும் முழுப் படத்தை இறக்குவது புத்தியல்ல என்றே சொல்வேன். விரித்த நிலையில் ஒரு கிகாபிக்சல் வண்ணப் படம் கணினி நினைவகத்தில் 3 ஜிபி பிடிக்கும். பழைய மடிக்கணினி அதோடு உறைந்துவிடும், போன் டேட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, பகுதியை எப்படிக் குறிப்பது? முதலில் முழு வரைபடத்தின் சிறு படம் ஒன்றைக் கேளுங்கள்: `/full/1200,/0/default.jpg`. 1200க்குப் பின்னால் உள்ள காற்புள்ளியை விட்டுவிடக் கூடாது, அகலம் 1,200, உயரம் அதற்கேற்ப என்று அதற்குப் பொருள். 36,000ஐ 1,200ஆல் வகுத்தால் 30. சிறு படத்தை பெயின்ட் போன்ற ஏதாவது ஒன்றில் திறந்து, நல்லூர்ப் பகுதியின் இடது மேல் மூலையில் சுட்டியை வைத்தால் அந்த இடத்தின் எண்கள் கீழே தெரியும். இடமிருந்து 420, மேலிருந்து 205 என்று வைப்போம். வேண்டிய அகலம் 120, உயரம் 90. நான்கையும் 30ஆல் பெருக்கினால் 12600, 6150, 3600, 2700.

```
/12600,6150,3600,2700/max/0/default.jpg
```

கடைசி இரண்டு எண்களும் அகலமும் உயரமும். அவற்றை வலது கீழ் மூலையின் இடம் என்று நினைத்து `12600,6150,16200,8850` என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி எழுதினால் 16,200 பிக்சல் அகலப் பகுதி ஒன்று சுருங்கி வரும். நல்லூர் கேட்டவருக்குச் சாவகச்சேரியும் சேர்ந்து வந்தால் காரணம் இதுதான். மேலிருந்து கீழாகத்தான் எண்ணப்படுகிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வரைபடத்தில் வடக்கு நோக்கிப் போகப் போக இரண்டாவது எண் குறையும்.

முகவரி சரியாக இருந்தாலும் வேலை இன்னும் முடியவில்லை. வந்த கோப்பின் அகலத்தைப் பாருங்கள். 3,600 கேட்ட இடத்தில் 2,000 இருந்தால் அதே வரம்பு இங்கேயும் வெட்டியிருக்கிறது. நமது குளம் இப்போது 21 பிக்சல். கண்ணுக்குத் தெளிவாகவே படும், அதனால்தான் பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். அச்சில் பெரிதாக்கும்போதுதான் குறை தெரியும். `maxHeight` தனியாகக் கொடுக்கப்படாவிட்டால் உயரத்துக்கும் அதே 2,000தான் வரம்பு. ஆகவே பகுதியை நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றும் 1,800க்கு 1,350:

```
12600,6150,1800,1350
14400,6150,1800,1350
12600,7500,1800,1350
14400,7500,1800,1350
```

நான்கையும் அதே வரிசையில் a, b, c, d என்று சேமித்து, கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒட்டலாம்.

```
magick montage a.jpg b.jpg c.jpg d.jpg -tile 2x2 -geometry +0+0 nallur.png
```

`+0+0` போடாவிட்டால் ஒவ்வொரு துண்டும் சின்னதாகிவிடும், இடையில் வெள்ளைக் கோடும் விழும். பிஎன்ஜி ஆகச் சேமிப்பதற்கும் காரணம் உண்டு. வந்தது ஏற்கெனவே ஜேபெக்கில் சுருக்கியது, மறுபடியும் ஜேபெக் ஆக்கினால் மெல்லிய எழுத்தைச் சுற்றி அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். அளவைப் பெரிதாகக் கேட்டு ஏமாற வேண்டாம். 3,600 பிக்சல் பகுதிக்கு `5000,` என்று கேட்டால் புதிய பதிப்புச் சேவையகம் மறுத்துவிடும், பழையது சில வேளை இழுத்துப் பெரிதாக்கித் தரும். இல்லாத விவரம் அதில் வராது. பழைய பதிப்பு ஒன்று `max` என்ற சொல்லையே ஏற்காவிட்டால் அந்த இடத்தில் `full` போட்டுப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் இந்த வசதி இருக்காது. `info.json` இருந்தும் அதில் `level0` என்று போட்டிருந்தால், முன்கூட்டி வெட்டி வைத்த டைல்கள் மட்டுமே கிடைக்கும். `Network` பகுதியில் `.dzi` என்று வந்தால் அது டீப் சூம் என்ற இன்னொரு டைல் முறை. அங்கேயும் டைல்களை எடுத்து நாமேதான் ஒட்ட வேண்டும். நமது வரைபடம் டீப் சூமில் இருந்தால் முழு அளவு மட்டம் 16, ஏனென்றால் 2ஐ 16 தடவை பெருக்கினால்தான் 36,000ஐத் தாண்டும். `.dzi` கோப்பில் `TileSize="254" Overlap="1"` என்று இருந்தால், 12600ஐ 254ஆல் வகுத்தால் நிரல் 49, 6150ஐ வகுத்தால் வரிசை 24. அதாவது `16/49_24.jpg` என்பதில் தொடங்கி `16/63_34.jpg` வரை, 15 நிரல், 11 வரிசை, மொத்தம் 165 டைல்.

இங்கே இரண்டு விதமாகக் குழம்பும். முதலாவது அந்த `Overlap`. ஒவ்வொரு டைலும் பக்கத்து டைலின் ஒரு பிக்சலைத் தன் ஓரத்தில் வைத்திருக்கும், அதனால்தான் 254 என்றாலும் கோப்பு 256 இருக்கிறது. அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு பொருத்திலும் 2 பிக்சல் திரும்ப வரும், வீதிக்கோடு சன்னமாகப் படி இறங்கும். 15 நிரலில் 28 பிக்சல், நிலத்தில் 75 மீற்றர் பிசகு. நமது பகுதி வரைபடத்தின் விளிம்பில் இல்லாததால் எல்லா டைலிலும் நான்கு பக்கமும் ஒரு பிக்சல் சீவினால் போதும்:

```
magick mogrify -format png -shave 1x1 *.jpg
```

மற்றது பெயர். டைலின் பெயரில் நிரல் எண் முன்னால், வரிசை எண் பின்னால். `montage` படங்களை வரிசை வரிசையாக அடுக்கும். பெயர் மாற்றாமல் கொடுத்தால் மேலிருந்து கீழாகப் போக வேண்டியது இடமிருந்து வலமாகப் போய், ஊர்கள் எல்லாம் கலைந்து நிற்கும். `24_49` என்று வரிசை எண்ணை முன்னால் கொண்டுவந்து பெயரிடுங்கள். எண்கள் 99ஐத் தாண்டும் பகுதியானால் `024_099` என்று பூச்சியம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 100 என்பது 99க்கு முன்னால் வந்து நிற்கும். `magick montage *.png -tile 15x11 -geometry +0+0 ottu.png` என்று ஒட்டிய பிறகு மிச்சத்தை வெட்ட வேண்டும். நிரல் 49 தொடங்குவது 12446இல், நமக்கு வேண்டியது 12600. வித்தியாசம் 154. மேலிருந்து அதே மாதிரி 54.

```
magick ottu.png -crop 3600x2700+154+54 +repage nallur.png
```

கோப்புக்கு `nallur.png` என்று மட்டும் பெயர் வைத்து மூடிவிடுவதும் ஒரு தவறுதான். `nallur_12600_6150_3600_2700.png` என்று வையுங்கள், மூல முகவரியையும் பக்கத்தில் ஒரு எழுத்துக் கோப்பில் போட்டு வையுங்கள். நாளைக்குக் கோப்பாயும் வேண்டும் என்றால் எந்த இடத்திலிருந்து தொடர்வது என்று பெயரே சொல்லும். கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் இந்தத் துண்டை இன்றைய நிலப்படத்தோடு பொருத்தியவர், துண்டில் குறித்த புள்ளிகளோடு இடமிருந்து 12,600உம் மேலிருந்து 6,150உம் கூட்டினால் அதே புள்ளிகளை முழு வரைபடத்திலும் கண்டுபிடிக்கலாம்.