பத்தாம் வகுப்பு டைம்டேபிள்: "கடைசி 15 நாள் ரிவிஷன்" என்று எழுதாதீர்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் ஆளுக்கொரு டைம்டேபிளோடு வந்து நிற்பார்கள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பாடத்துக்கு ஒரு கலர் அடித்து, பார்க்கவே ஆசையாக இருக்கும். வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிற தவறுகள் மட்டும் போன வருடத்துப் பிள்ளைகள் செய்ததேதான். போனைத் தள்ளி வை, டிவியை நிறுத்து என்பதெல்லாம் வீட்டிலேயே தினமும் காதில் விழுகிறது, அதை விட்டுவிடுகிறேன். வீட்டில் யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளி நாளில் ஆறு மணி நேரம் படிப்பதாக எழுதுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எட்டு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் அது முடிய 5:30, வீடு வந்து சேர 6:00. முகம் கழுவி ஏதாவது சாப்பிட்டு உட்கார எப்படியும் 6:45 ஆகிவிடும். 9:45க்குப் படுக்க வேண்டும் என்றால் நடுவில் இருப்பதே மூன்று மணி நேரம், அதில் இரவுச் சாப்பாடும் அடக்கம். நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பது இதுதான்: 6:45 முதல் 7:30 வரை ஒரு பாடம், பத்து நிமிடம் இடைவேளை, 7:40 முதல் 8:25 வரை இன்னொரு பாடம், சாப்பாடு, அப்புறம் 9:00 முதல் 9:40 வரை பழைய பாடத்தை எழுதிப் பார்ப்பது. காலையில் 5:30க்கு எழுந்து 5:45 முதல் 6:45 வரை கணக்கு. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆறு மணி நேரம் என்று எழுதினால் முதல் நாளே பாதி மிச்சம் விழும், மூன்றாவது நாள் அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காமல் போகும்.

தூக்கத்தில் கை வைப்பது

"இரவு 11:30 வரை படிப்பு, காலை 4:00 மணிக்கு எழுதல்" என்று ஒரு வரி எப்படியும் இருக்கும், அதைப் பார்த்து அம்மா அப்பாவுக்கு ரொம்பப் பெருமையாகவும் இருக்கும். கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிற நாளில் முழுசாக எட்டு வராது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் 9:45, 5:30 என்று வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

தூக்கம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும் என்று நினைக்கிறார்கள், எல்லாரும் அப்படி வழிவதில்லை. என் வகுப்பில் ஒரு பெண் கண் கொட்டாமல்தான் உட்கார்ந்திருப்பாள், ஆனால் கரும்பலகையில் −3x என்று இருப்பதை நோட்டில் 3x என்று எழுதிவிட்டு, விடை ஏன் வரவில்லை என்று பத்து நிமிடம் தேடுவாள். ரிவிஷன் தேர்வில் வரைபடக் கணக்குக்கு அட்டவணையைச் சரியாகப் போட்டுவிட்டுப் புள்ளிகளை இடம் மாற்றிக் குறித்திருந்தாள். கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுப்பாமல் விட்டால் பத்து மணி வரை தூங்குகிற பிள்ளைக்கு வாரம் முழுக்கத் தூக்கம் பற்றவில்லை என்று அர்த்தம். அன்றன்று படித்தது மனதில் உறைவதற்கும் தூக்கம் வேண்டும், அதை வெட்டினால் படித்த நேரமும் சேர்ந்துதான் வீணாகிறது.

கடைசி 15 நாள் ரிவிஷன்

இதுதான் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிற தவறு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் புதுப் பாடங்கள், படித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக், கடைசியில் பெரிய கட்டம் போட்டு "ரிவிஷன்" என்று ஒரே சொல். அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஐந்து பாடங்களுக்கு 15 நாள் என்றால் பாடத்துக்கு மூன்று நாள். அறிவியலில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட அலகுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஏழு அலகைத் திருப்புவது எப்படி?

ஒரு மாணவன். அறிவியலுக்கு அவன் போட்ட கட்டங்களில் எல்லாவற்றிலும் டிக் விழுந்திருந்தது, ஒளியியல் ஜனவரி முதல் வாரத்திலேயே முடிந்திருந்தது. பிப்ரவரி கடைசியில் அவனைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, குவிலென்சுக்கு முன்னால் F-க்கும் 2F-க்கும் நடுவில் பொருளை வைத்தால் பிம்பம் எங்கே விழும், வரைந்து காட்டு என்றேன். மறுபக்கமும் F-க்கும் 2F-க்கும் நடுவிலேயே, பொருளின் அதே அளவில் வரைந்தான். 2F-க்கு அப்பால், பெரிதாக, தலைகீழாக விழ வேண்டிய பிம்பம். கதிர்களுக்கு அம்புக்குறியும் போடவில்லை. "படிச்சு முடிச்சிட்டேன் மிஸ், இப்போ மறந்துபோச்சு" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே படித்திருந்தான். ஆனால் ஏழு வாரம் அந்தப் பக்கத்தைத் திரும்பத் தொடவே இல்லை. மார்ச்சில் அவன் ரிவிஷன் என்று உட்கார்ந்தபோது அது ரிவிஷனாக இருக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து படிப்பாக இருந்தது. அதற்கு நாள் பற்றாமல் மனுஷன் தூக்கத்தை வெட்ட ஆரம்பித்தான்.

ஒரு பாடம் டைம்டேபிளில் ஒரு தடவை வந்தால் போதாது, நாலு தடவை வர வேண்டும். படிக்கிற நாள், மறுநாள் பத்து நிமிடம், ஒரு வாரம் கழித்து இருபது நிமிடம், ஒரு மாதம் கழித்து இன்னொரு இருபது நிமிடம். படிக்கிற நாளைத் தவிர மற்ற மூன்றிலும் புத்தகம் மூடியே இருக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு கண்ணால் ஓட்டினால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். அந்த ஏமாற்றம்தான் இந்தத் தவறின் வேர்.

ஒளியியலையே எடுத்துக்கொள்வோம். திங்கள் மாலை குவிலென்சில் பிம்பம் விழும் நிலைகள் ஆறையும் படிக்கிறீர்கள். செவ்வாய் 9:00 மணிக்கு வெள்ளைத்தாளில் ஆறு படத்தையும் பார்க்காமல் வரையுங்கள். சுமாராக வரைந்தால் போதும், பத்து நிமிடம்தான். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாகப் போட்டதையும் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். பொருள் F-க்கு உள்ளே இருக்கும்போது பிம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே நேராகவும் பெரிதாகவும் விழும் என்பதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். அடுத்த திங்கள் அந்தத் தாளில் சிவப்பாக இருப்பதை மட்டும் மறுபடி வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில் கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு என்று அந்தப் படங்களையும் போடுங்கள். மாதம் கழித்து வரும்போது கணக்கு: குழிலென்சின் குவியத் தொலைவு 25 செ.மீ., திறன் என்ன? P = 1/f என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 25 செ.மீ.யை மீட்டராக மாற்றாமல் 1/25 என்று வகுத்து 0.04 என்று எழுதுவார்கள், குழிலென்சுக்குக் குறைக் குறி உண்டு என்பதையும் விட்டுவிடுவார்கள். −0.25 மீட்டர், ஆக −4 டையாப்டர். இந்த இரண்டு சறுக்கலும் புத்தகத்தை வாசிக்கும்போது தெரியாது, மூடிவிட்டு எழுதும்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் சிவப்பு விழுந்தால் அது மறதியில்லை, புரியவில்லை. பத்தாவது முறை மனப்பாடம் செய்யாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். கணக்குக்கு மட்டும் இந்த முறை கொஞ்சம் மாறும். அங்கே எழுதிப் பார்ப்பது என்றால் பயிற்சியிலிருந்து இரண்டு கணக்கை விடை பார்க்காமல் கடைசி வரி வரை போடுவது. வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் செல்லாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 9:00 மணிக் கட்டம் அதற்குத்தான், அதில் ஒருபோதும் புதுப் பாடத்தை நுழைக்காதீர்கள். புதுப் பாடம் நிற்கிற தேதி ஒன்றையும் டைம்டேபிளில் எழுதுங்கள். இரண்டாவது ரிவிஷன் தேர்வு தொடங்குகிற நாளோடு நிறுத்திக்கொள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதற்குள் முடியாத பாடம் இருந்தால் அதில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். அரைகுறையாகத் தெரிந்த பத்துப் பாடங்களை உறுதியாக்குவதில் கிடைக்கிற மதிப்பெண், தெரியாத ஒரு பாடத்தைப் புதிதாகப் பிடிப்பதில் கிடைக்காது.

ஒரே நாளில் ஐந்து பாடமும் எழுதுவது

மாலைக்கு இரண்டு போதும்.

காலிக் கட்டமே இல்லாமல் போடுவது

காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், திடீரென்று ஸ்பெஷல் கிளாஸ் நீளும். ஒரு நாள் விட்டுப்போனதும் மறுநாள் இரண்டு நாள் வேலையைத் திணித்து, அதுவும் முடியாமல் டைம்டேபிளையே கைவிட்டவர்கள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. ஞாயிறு மாலையைக் காலியாக விடுங்கள். வாரத்தில் விட்டுப்போனது அங்கே போகட்டும், எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் அந்த மாலை உங்களுடையது, வெளியே போய் விளையாடுங்கள்.

இடைவேளையை உட்கார்ந்த இடத்திலேயே எடுப்பது

எழுந்து நடங்கள். பத்து நிமிடம்.

தேர்வு நேரத்தில் எழுதிப் பழகாமல் இருப்பது

பொதுத்தேர்வு காலை 10:00 மணிக்கு. வினாத்தாள் வாசிக்கவும் விவரம் சரிபார்க்கவும் முதல் கால் மணி நேரம், அப்புறம் 10:15 முதல் 1:15 வரை எழுத்து. எல்லாப் படிப்பையும் நடுஇரவில் வைத்துக்கொண்டவர்களுக்குப் பன்னிரண்டு மணி வாக்கில் கையும் மூளையும் ஓய்ந்துபோகும், கணக்கில் வடிவியலும் வரைபடமுமாக 16 மதிப்பெண் அந்த நேரத்தில்தான் கடைசியில் காத்திருக்கும். பிப்ரவரியிலிருந்து ஞாயிறு காலை ஒரு பழைய வினாத்தாளை அதே 10:00 மணிக்கு எடுத்து, நடுவில் எழுந்திருக்காமல் 1:15 வரை எழுதுங்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் போனது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு புதுப் பாடம் எடுப்பது

வேண்டாம். சிவப்புப் பேனாத் தாள்களை மட்டும் பாருங்கள், 9:45க்குப் படுங்கள்.