எக்செலில் கடைசி வரி மறைகிறதா?

Wrap Text போட்டும் எழுத்தின் கடைசி வரி தெரியவில்லையா? பெரும்பாலும் அந்த வரிசையின் உயரத்தை யாரோ முன்பு கையால் இழுத்து மாற்றியிருப்பார்கள். அதன்பின் எக்செல் அதைத் தானாக மாற்றாது. இடப்பக்க வரிசை எண்ணின் கீழ்க்கோட்டில் இருமுறை சொடுக்கினால் சரியாகிவிடும்.

இணைத்த கட்டங்களில் (அவற்றைத் தவிர்ப்பதே நல்லது) இது பலிக்காது. உயரத்தைக் கணக்கிடும்போது எக்செல் அவற்றைப் பார்ப்பதே இல்லை. A2 முதல் C2 வரை இணைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு நெடுவரிசையும் 15 அகலம் என்று வைத்துக்கொள்வோம். அச்சுப் பகுதிக்கு வெளியே, காலியான Z நெடுவரிசைக்கு 45 அகலம் கொடுத்து, Z2-இல் இதை எழுதுங்கள்:

```
=A2
```

அதே எழுத்துரு, அதே அளவு, Wrap Text எல்லாம் வைத்து, கீழ்க்கோட்டில் இருமுறை சொடுக்குங்கள். Z2-க்கு ஏற்ப வரிசை உயரும், இணைத்த கட்டமும் முழுதாகத் தெரியும். உரை மாறினால் மறுபடி சொடுக்க வேண்டும்.