பிடிஎஃப் வரைபடத்தில் மீட்டர் சரியாக வர, நீளமான சுவரைப் பிடியுங்கள்

ராயபுரத்தில் 20க்கு 60 அடி மனையில் கட்டும் வீட்டுக்கு டைல்ஸ் கணக்குப் போட, பிளானை பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தார்கள். மூலையில் 1:100 என்று இருந்தது. அதை நம்பி அளந்தால் 3.66 மீட்டர் ஹால் 1.83 என்று காட்டியது. ஏ1 தாளுக்கு வரைந்ததை ஏ3க்குச் சுருக்கிவிட்டார்கள். அளவு பாதியானதால் உண்மையில் அது 1:200. எழுத்து மட்டும் பழையபடியே நிற்கிறது.

அதனால் எழுதியிருக்கும் ஸ்கேலைத் தொடாதீர்கள். பிடிஎஃப் பிளானை அளக்கும் Bluebeam Revu மென்பொருளில் Calibrate அழுத்தி, அளவு குறித்திருக்கும் ஒரு கோட்டின் இரு முனைகளையும் கிளிக் செய்து, அதன் நிஜ நீளத்தைக் கொடுங்கள். நம் ஊர் பிளானில் பெரும்பாலும் அடிதான் இருக்கும். 60 அடி என்றால் 18.288 மீட்டர்.

எந்தக் கோடு என்பதில்தான் விஷயம். 3 அடி வாசல் அந்த ஏ3 தாளில் நாலரை மில்லிமீட்டர்தான். கிளிக் அரை மில்லி தவறினால் 11 சதவீதம் பிழை. ஹாலில் 40 சென்டிமீட்டர் போய்விடும். 60 அடிச் சுவரில் அதே தவறு அரை சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். பெரிதாக்கிப் பார்த்து கிளிக் செய்யுங்கள்.

பிறகு குறுக்கே 20 அடியை அளந்து பாருங்கள். 6.10 வர வேண்டும். நீளம் சரியாக இருந்து அகலம் மட்டும் உதைத்தால், ஸ்கேன் செய்தபோது தாள் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. அந்தப் பிளானுக்கு வேறு பிரதி கேளுங்கள்.