மாவுக் கடைக்கு 60,000 ரூபாய்: மூன்று கடன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு தொழிலுக்குக் கடன் வாங்க மகளிர் குழு, மைக்ரோ ஃபைனான்ஸ், நேரடி வங்கிக் கடன் என்று மூன்று வழிகள். எங்கள் பக்கம் ‘குழு லோன்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கடன்களைச் சொல்கிறோம். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் வங்கி கடன் கொடுப்பது குழுவின் பெயருக்கு. அதற்குச் சேமிப்புக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் இருக்கும். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்பதைக் குழுவே தீர்மானம் போட்டு முடிவு செய்யும். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் கூட்டும் குழுவில் சேமிப்பு கிடையாது. கடன் உங்கள் பெயரில், கடன் அட்டையும் உங்கள் பெயரில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் வசூலுக்கான பிடிமானம் மட்டுமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இட்லி மாவு விற்கும் ஒருவர் பெரிய கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்க 60,000 ரூபாய் தேடுகிறார். அவை வந்தால், கரண்ட், அரிசி, உளுந்துச் செலவு போக மாதம் 2,500 ரூபாய் கூடுதலாக நிற்கும் என்று வைத்துக்கொள்வோம்.

மைக்ரோ ஃபைனான்ஸில் 24 சதவீத வட்டி, 24 மாதம் என்றால் தவணை சுமார் 3,172 ரூபாய். மொத்த வட்டி 16,000 ரூபாயைத் தாண்டும். இதையே ‘ஃபிளாட் வட்டி 13 சதவீதம்தான்’ என்று சொன்னால் மலிவாகத் தெரியும். ஃபிளாட் கணக்கில், அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 60,000 ரூபாய்க்கே வட்டி போடுகிறார்கள். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அந்தப் 13-தான் 24 ஆகிறது. வங்கி சொல்லும் 12 சதவீதத்தையும் இந்த 13-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பெரிய பிசகு. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று 1,900 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 58,100 ரூபாயைக் கையில் கொடுத்தால், உண்மையான ஆண்டு வட்டி 27 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியை எழுதிய விவரத் தாளைத் தர வேண்டும். கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கடையைச் சாய்ப்பது வட்டியைவிடத் தவணைக் காலம்தான். இயந்திரம் தருவது 2,500, தவணை கேட்பது 3,172. மிச்ச 672 ரூபாய் ஒவ்வொரு மாதமும் அரிசி வாங்க வைத்த முதலிலிருந்து போகும். நாலைந்து மாதத்தில் மூட்டைக் கணக்கில் வாங்கியவர் கிலோ கணக்கில் வாங்குவார், விலை கூடும், லாபம் இன்னும் சுருங்கும். அப்போதுதான் ஒரு தவணையை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இதே 60,000 வங்கியில் 12 சதவீதத்துக்கு 36 மாதத் தவணைக் கடனாகக் கிடைத்தால் மாதம் 1,993 ரூபாய்தான்; இயந்திரமே தன் கடனைக் கட்டி 500 ரூபாய் மிச்சமும் வைக்கும். சரக்கு வாங்கிச் சில வாரங்களில் விற்றுத் திருப்பும் பணத்துக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் ஓரளவு பொருந்தும். முன்கூட்டியே அடைத்தாலும் அங்கே அபராதம் வாங்கக் கூடாது. இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே ரிசர்வ் வங்கி விதிதான். பழைய கடனை மறைத்துப் புதுக்கடன் வாங்குபவர், தன்னைக் காக்க வைத்த வேலியைத் தானே பிரிக்கிறார்.

சுய உதவிக் குழுவில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வங்கி 6 லட்சம் கொடுத்தால் 12 பேருக்கும் தலா 50,000 என்று பிரித்துவிடுகிறார்கள். தேவையில்லாதவர் வாங்கி வெளியே வட்டிக்கு விடுவார், கிரைண்டர் வாங்க வேண்டியவருக்குப் பத்தாயிரம் குறையும். தேவையை எழுதித் தீர்மானத்தில் பதிந்து, அதன்படி பிரிப்பதுதான் முறை. வங்கியிடம் 7 சதவீதத்துக்கு வாங்கி உறுப்பினரிடம் 12 சதவீதம் வாங்கினாலும், இடையில் உள்ள வித்தியாசம் குழுவின் நிதியில்தானே சேர்கிறது! ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒழுங்காகக் கட்டும் குழுவுக்கு, 3 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு, 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கடன் கணக்கு ஒன்றே என்பதால், ஒருவர் தள்ளிப்போட்டாலும் அந்த மானியம் எல்லாருடைய கையையும் விட்டுப் போகும்.

வங்கிக்குப் போகிறவர்கள் ‘கடைக்கு லோன் வேண்டும்’ என்று மட்டும் கேட்டுத் திரும்பி வருகிறார்கள். 60,000 என்றால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் ‘கிஷோர்’ பிரிவு. 50,000 வரைதான் ‘சிஷு’. சிறு தொழிலுக்கான இந்த அளவு கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. சிறு தொழில்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவு, இயந்திரம் விற்கும் கடைக்காரர் தரும் விலைப்புள்ளி, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், தினசரி விற்பனை எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். இயந்திரத்துக்கான பணம் பெரும்பாலும் நேராகக் கடைக்காரர் கணக்குக்கே போகும். அதிலிருந்து அரிசிக்கு எடுக்க முடியாது. ஆகவே சரக்குக்கு நடைமுறை மூலதனக் கடன் எவ்வளவு வேண்டும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் தனியாக எழுதிக் கேளுங்கள்.