“வார்ம்மா, ரெட்ரோவா இருக்கணும்” என்று எழுதினால் மூன்று ஸ்டைல் வரும்

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு ஒரு பொங்கல் விளம்பரம். படப்பிடிப்பு மூன்று நாள். படங்களைத் திருத்த மூன்று பேர்: மதுரையில் ஒருவர், சென்னையில் இருவர். பழைய அச்சுப் போஸ்டர் மாதிரி படங்கள் இருக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. இருண்ட ஊதா, செங்கல் சிவப்பு, சந்தன நிறம் என்று மூன்றே வண்ணம். பின்னணியில் அச்சுப் புள்ளி. பொறுப்பு என்னுடையது என்பதால் குழுவுக்கு நான் செய்தி அனுப்பினேன்:

“எல்லாருக்கும் வணக்கம். லுக் வார்ம்மா, ரெட்ரோவா, மண்வாசனையோட இருக்கணும். முகம் பளிச்சுன்னு தெரியணும். ரெஃபரன்ஸ் படம் 14 அனுப்பியிருக்கேன். மூணு கலர் கோடும் கீழே இருக்கு. ஓகேவா?”

மூன்று கட்டைவிரல் வந்தது. நான்கு நாள் கழித்து மூன்று பேரின் படங்களையும் ஒரே திரையில் பரப்பினால் மூன்று தனித்தனிக் கடைகளின் விளம்பரம் மாதிரி இருந்தது. வேலையில் யாரும் குறை வைக்கவில்லை. ஒழுங்காகச் சொல்லாதது நான்தான்.

அந்தச் செய்தியின் முதல் கோளாறு பெயரடைகள். ‘வார்ம்’ என்றதும் ஒருவர் ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் தள்ளினார். இன்னொருவர் நிழலில் சிவப்பு ஏற்றினார். ‘ரெட்ரோ’வுக்கு ஒருவர் கிரெயின் போட்டார், ஒருவர் கறுப்பை வெளிறச் செய்தார். பதினான்கு ரெஃபரன்ஸ் படம் அனுப்பியது அதைவிடப் பெரிய தவறு. அவை பதினான்கும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்தவை. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ரெஃபரன்ஸ் ஒன்றே ஒன்று போதும். அதுவும் நம் படப்பிடிப்பில் எடுத்த படமாக, லேயரெல்லாம் திறந்து பார்க்கக்கூடிய PSD கோப்பாக இருக்க வேண்டும். எப்படிச் செய்தார்கள் என்று தெரியாத அழகான படத்தைக் காட்டினால் அதைப் பார்த்து ஆசைப்படத்தான் முடியும்.

கலர் கோடு கொடுத்தேனே, அது ஏன் காப்பாற்றவில்லை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

`#2B1A3D`, `#C2452D`, `#F6E3C0`. மூன்று பேரும் இதே எண்களைத்தான் போட்டார்கள். போட்டோஷாப்பில் Gradient Map என்ன செய்கிறது? படத்தின் நிறத்தை அது பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, இருட்டான இடத்துக்கு ஊதா, நடுவுக்குச் சிவப்பு, வெளிச்சத்துக்குச் சந்தனம் என்று பூசுகிறது. ஆகவே அடியில் இருக்கும் படத்தின் வெளிச்சம் மாறினால் அதே மூன்று கோடும் வேறு படத்தைத் தரும். ஒருவர் எக்ஸ்போஷரைச் சரிசெய்துவிட்டு Gradient Map போட்டார். இன்னொருவர் போட்ட பிறகு அதற்கு மேல் Curves வைத்து வெளிச்சத்தைக் கூட்டினார். முன்னவர் படத்தில் சந்தனம் சந்தனமாகவே இருந்தது. பின்னவர் படத்தில் அது வெளிறி வெள்ளையாகிவிட்டது. வண்ணத்தைச் சொன்ன நான் வரிசையைச் சொல்லவில்லை.

நடு வண்ணம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பெரும்பாலும் எல்லோரும் 50% இடத்தில் வைப்பார்கள். அந்தச் செங்கல் சிவப்பைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் அதன் வெளிச்சம் 255க்கு ஏறக்குறைய 104. அதை 50%இல் வைத்தால் 128 வெளிச்சத்தில் இருந்த கன்னமும் நெற்றியும் 104க்கு இறங்கிவிடும். மாநிறமும் கறுப்பும் கொண்ட முகங்கள் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் விழும். எங்கள் படத்தில் இருந்த ஐந்து பெண்களில் நான்கு பேரின் முகம் இப்படித்தான் சேற்றில் அமுங்கினாற்போல் ஆனது. அதே சிவப்பை 41% இடத்துக்கு நகர்த்தினால் 104 வெளிச்சம் 104ஆகவே நிற்கும், 128 ஏறக்குறைய 124 ஆகும். முகம் முகமாக இருக்கும். ஸ்டைல் கைடில் ஒரே ஒரு எண் அது.

அது இல்லாத குறையை ‘முகம் பளிச்சுன்னு தெரியணும்’ என்ற என் வரி இன்னும் மோசமாக்கியது. சேற்றில் அமுங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்க ஒருவர் தோலையே வெளுத்துவிட்டார். கறுத்த பெண்ணைச் சிவந்த பெண்ணாக்கி அனுப்பியிருந்தார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை, நான் எழுதியதைத்தானே செய்திருக்கிறார். இந்த ஊர் விளம்பரங்களில் ‘பளிச்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் அதை எழுதியிருக்கக் கூடாது.

முகத்தை அளவுகோலாக வைப்பதே பிழை. ஐந்து பேருக்கு ஐந்து நிறம், எல்லோரையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் யாரையாவது வெளுக்கத்தான் வேண்டியிருக்கும். அளவுகோல் கிரே கார்டு. ஒவ்வொரு லைட்டிங்கிலும் முதல் படத்தில் 18% சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, sRGB படத்தில் அந்த அட்டை 118 காட்டும்வரை எக்ஸ்போஷரைத் திருத்தி, அதே திருத்தத்தை அந்த லைட்டிங்கில் எடுத்த மற்றப் படங்களுக்கும் கொடுத்தால் போதும். கறுப்பு கறுப்பாகவும் மாநிறம் மாநிறமாகவும் தங்கள் இடத்தில் தாமாக விழும்.

அடுத்தது புள்ளி. ‘பின்னணியில் ஹாஃப்டோன் புள்ளி, அளவு 8’ என்று இரண்டாவது செய்தியில் எழுதியிருந்தேன். Color Halftone ஃபில்டரில் Max. Radius என்பது பிக்சல் கணக்கு. 6000 பிக்சல் அகலமுள்ள மூலப் படத்தில் ஒருவர் 8 போட்டுவிட்டு, பிறகு 1080க்குச் சுருக்கினார். ஐந்தரை மடங்கு சுருங்கியதில் அந்த 8 ஒன்றரை பிக்சலுக்கும் குறைவாகிவிட்டது. புள்ளி போய் அலையலையாக ஒரு கோலம் வந்தது. மற்றவர் முதலில் 1080க்குச் சுருக்கிவிட்டு 8 போட்டார், புள்ளி மொச்சைக்கொட்டை மாதிரி நின்றது. இரண்டு பேரும் 8தான் போட்டார்கள். பிக்சலில் அளவு சொன்னால் எந்த அகலத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புள்ளி போட்ட பிறகு படத்தைச் சுருக்கவோ பெரிதாக்கவோ கூடாது என்றும் எழுத வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனருக்குப் புள்ளி போடாத கோப்பிலிருந்து தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

சுங்குடிக்கு இதில் இன்னொரு சங்கடம். துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். கையால் கட்டியது என்பதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, அதுதான் அந்தச் சேலையின் அழகே. அதன்மேல் ஹாஃப்டோன் புள்ளி விழுந்தால்? எது சேலைப் புள்ளி, எது நாங்கள் போட்ட புள்ளி என்று தெரியவில்லை. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது பிரிண்ட் போட்ட சேலை மாதிரில்ல இருக்கு?” என்றார். விற்க வேண்டிய பொருளையே மறைத்திருக்கிறோம். ஸ்டைல் எதைத் தொட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி எழுத மறந்துவிடுகிறோம்.

இனி அந்தக் கட்டைவிரல்கள். ‘ஓகேவா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் ஓகே என்றுதான் சொல்வார்கள். லீடு கேட்கும்போது, எல்லோரும் பார்க்கும் குழுவில், ‘இது புரியலையே’ என்று யார் சொல்வார்? சம்மதத்தைச் சொல்லில் வாங்காமல் கையில் வாங்க வேண்டும். ஒரே மூலப் படத்தை மூவருக்கும் கொடுத்து, கைடைப் பார்த்துத் தனித்தனியாகச் செய்து அனுப்பச் சொல்லுங்கள். செய்யும்போது ஒருவரோடொருவர் பேசக் கூடாது. வந்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேல் லேயரின் பிளெண்டிங்கை Difference ஆக்கினால், ஒத்துப்போகிற இடம் கறுப்பாகும், வேறுபடுகிற இடம் ஒளிரும். ஒளிர்கிற இடமெல்லாம் கைடில் எழுதாமல் விட்ட வரி. இதைப் புள்ளி போடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிக்சல் தள்ளிப் போனாலே படம் முழுக்க மின்னும்.

எங்களுக்கு முதல் சுற்றில் முகத்திலும் சுவரிலும் லேசாக ஒளிர்ந்தது. தேடிப் பார்த்தால், ஒருவரின் Gradient Map இல் Method என்ற இடத்தில் Classic இருந்தது, மற்ற இருவருக்கும் Perceptual. இரண்டு வண்ணத்துக்கு நடுவில் வரும் கலவை அதனால் மாறியிருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

அதன் பிறகு அனுப்பிய செய்தி இது:

“எல்லாருக்கும் வணக்கம். முதல் சுற்றுப் படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாததுக்கு என் செய்திதான் காரணம், உங்க வேலை இல்லை. இனி இந்த வரிசை மட்டும்தான்: கிரே கார்டு 118. பிறகு 1080 × 1350 கிராப். பிறகு Gradient Map, நடு வண்ணம் 41%, Method: Classic. கடைசியா பின்னணிக்கு மட்டும் Color Halftone, Max. Radius 5, நாலு ஆங்கிளும் 45. Gradient Map-க்கு மேலே வேற எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் வேண்டாம். சேலையை மாஸ்க் பண்ணி அதோட அசல் நிறத்துல விடணும், புள்ளியும் படக் கூடாது. தோல் நிறத்தை யாரும் தொட வேண்டாம். மாதிரி PSD டிரைவ்ல இருக்கு, பழைய ரெஃபரன்ஸ் 14-ஐயும் எடுத்துட்டேன். 23-ஆம் நம்பர் படத்தை மூணு பேரும் செய்து வியாழன் மாலை 5 மணிக்குள்ள அனுப்புங்க. இந்த வரிசை சரிப்படாத படம் எதுன்னு ஆளுக்கு ஒண்ணாவது சொல்லணும். இல்லைன்னு சொல்லக் கூடாது.”

கடைசி வரியை விளையாட்டாகத்தான் சேர்த்தேன். புதன்கிழமையே மதுரை அண்ணனிடமிருந்து பதில் வந்தது: “தம்பி, 31-ஆம் படத்துல சேலையே செங்கச் சிவப்பு. அசல் நிறத்துல விட்டா பின்னாடி சுவரோட ஒட்டிக்குது. பொண்ணு தலை மட்டும் மிதக்குது, பாரு.” திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. சிவப்புச் சேலை வரும் ஆறு படங்களுக்குப் பின்னணியில் நடு வண்ணத்தை எடுத்துவிட்டு ஊதாவும் சந்தனமும் மட்டும் வைப்பது என்று ஒரு வரி சேர்த்து, கைடின் கோப்புப் பெயரை v3 என்று மாற்றினேன்.