பெட்டிக்குள் துணிக்கை: ஒரு சயனீன் சாயத்தின் நிறத்தைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது

"சேர், L ஐ எங்கே இருந்து எங்கே வரைக்கும் அளக்கிறது?" ஹற்றன், பண்டாரவளைப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், பௌதிக இரசாயனவியலில் குவாண்டம் பகுதியைத் தொடங்கிய பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் என்னிடம் கேட்பது இதைத்தான். சூத்திரம் அவர்களுக்கு மனப்பாடம். பெட்டிக்குள் துணிக்கையின் அலைச்சார்பைக்கூட எழுதிவிடுவார்கள். ஆனால் "ஒரு சாயத்தின் ஒளி உறிஞ்சலை இந்த மாதிரியுருவால் விளக்குக" என்று வினா வந்தால் விடைத்தாளில் பெட்டி இருக்கும், சாயம் இருக்காது.

உண்மையில் இந்த விடையின் உயிர் இரண்டு எண்களில்தான் இருக்கிறது: இலத்திரன் எத்தனை, பெட்டியின் நீளம் L எவ்வளவு. இரண்டையும் மூலக்கூறின் கட்டமைப்பைப் பார்த்து நாமே எண்ண வேண்டும். ஒரு சாயத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். பெயர் கொஞ்சம் நீளம்: 3,3'-டைஎதில்தயாகாபோசயனீன் அயடைட்டு. மெதனோலில் கரைத்தால் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் நிற்கும். பச்சை ஒளியை விழுங்குகிறது என்று அதிலிருந்தே தெரிகிறது. நிறமாலைமானியில் வைத்தால் உச்சம் 556 நானோமீற்றர் அளவில் வரும். அந்த எண்ணை நோக்கித்தான் போகப் போகிறோம்.

படி 1: சங்கிலியைக் கண்டுபிடியுங்கள்

மூலக்கூறை முழுதாக வரைந்தால் இரண்டு பக்கமும் பென்சீன் வளையம், சல்பர், எதில் கூட்டம் என்று நிறையத் தெரியும். இப்போதைக்கு அவற்றை விடுங்கள். ஒரு நைதரசனில் விரலை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்று வரும் இரட்டைப் பிணைப்புகள் வழியாகவே நடந்து மற்ற நைதரசனுக்குப் போங்கள். வழியில் வருவது இவ்வளவுதான்:

```
N – C – C – C – C – C – N(+)
```

இடையில் ஐந்து காபன், இரு முனையிலும் நைதரசன். இரட்டைப் பிணைப்புகளை இடப்பக்கமிருந்து போட்டால் நேரேற்றம் ஒரு நைதரசனில் நிற்கும். வலப்பக்கமிருந்து போட்டால் மற்ற நைதரசனில் நிற்கும். இரண்டு பரிவுக் கட்டமைப்புகளும் சம மதிப்புள்ளவை. ஆகவே எந்தப் பிணைப்பும் முழு இரட்டையும் இல்லை, முழு ஒற்றையும் இல்லை. எல்லாம் பென்சீனில் இருப்பதுபோல ஏறத்தாழ 0.139 நானோமீற்றர்.

இந்த வரியை விடையில் கட்டாயம் எழுதுங்கள். பெட்டிக்குள் அழுத்தசக்தி எங்கும் ஒரே அளவு, அதாவது பூச்சியம் என்று எடுக்க நமக்கு உரிமை கொடுப்பதே இந்தச் சமநீளப் பிணைப்புகள்தான்.

படி 2: இலத்திரன்களை எண்ணுங்கள்

பை இலத்திரன்களை மட்டும் எண்ண வேண்டும். ஒவ்வொரு காபனும் ஒன்று தரும், மொத்தம் ஐந்து. நைதரசனில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நேரேற்றம் இல்லாத நைதரசன் தன் தனிச்சோடியைத் தருகிறது, அது இரண்டு. நேரேற்றமுள்ள நைதரசன் இரட்டைப் பிணைப்பில் இருப்பதால் ஒன்று மட்டும் தருகிறது. 5 + 2 + 1 = 8. ஆகவே இலத்திரன் எண்ணிக்கை N = 8.

ஒற்றை எண் வந்தால் உடனே திரும்பி எண்ணுங்கள். இந்த வகைச் சாயங்களில் N எப்போதும் இரட்டை எண்தான். சங்கிலியில் p காபன் இருந்தால் N = p + 3.

படி 3: மட்டங்களை நிரப்புங்கள்

ஒரு மட்டத்தில் இரண்டு இலத்திரன் வீதம் கீழிருந்து நிரப்பினால் எட்டு இலத்திரனும் n = 4 வரை முடிந்துவிடும். ஒளி விழுந்ததும் n = 4 இல் இருக்கும் ஒன்று n = 5 க்குத் தாவுகிறது. மட்டங்களின் சக்தி n² க்கு விகிதசமம் என்பதால்,

```
ΔE = (5² − 4²) h²/8mL² = 9 h²/8mL²
```

9 என்பது N + 1 தான். பொதுவாக ΔE = (N + 1) h²/8mL² என்று வரும். சூத்திரத்தில் நேராக N ஐப் போட்டு விடுகிறவர்கள் உண்டு. மட்டங்களை ஒரு தரம் வரைந்து நிரப்பினால் அந்தப் பிழை வராது.

படி 4: பெட்டியின் நீளம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நைதரசனிலிருந்து நைதரசன் வரை 6 பிணைப்புகள். ஆனால் இலத்திரன் முகில் நைதரசனின் மையத்திலேயே வெட்டுப்பட்டு நிற்பதில்லை, கொஞ்சம் வெளியே நீளும். அதற்காக ஒவ்வொரு முனையிலும் ஒரு பிணைப்பு நீளத்தைக் கூட்டுவது வழக்கம். 1940களின் பிற்பகுதியில் இந்த மாதிரியுருவைச் சாயங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஹான்ஸ் கூன் எடுத்த வழியும் இதுதான். அப்படியானால் மொத்தம் 8 பிணைப்பு:

```
L = 8 × 0.139 nm = 1.112 nm
```

விடையில் எந்த நீளத்தை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்பதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். L வர்க்கமாக வருவதால் இங்கே ஒரு பிணைப்பு கூடினாலும் குறைந்தாலும் விடை நூறு நானோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும்.

படி 5: எண்களைப் போடுங்கள்

L ஐ மீற்றரில் போட வேண்டும், m என்பது இலத்திரனின் திணிவு.

```
h²/8mL² = 4.87 × 10⁻²⁰ J
ΔE = 9 × 4.87 × 10⁻²⁰ = 4.39 × 10⁻¹⁹ J
λ = hc/ΔE = 4.53 × 10⁻⁷ m = 453 nm
```

பத்தின் அடுக்கில் சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பாருங்கள். கட்புல ஒளியின் சக்தி எப்போதும் 10⁻¹⁹ யூல் அளவில்தான், ஏறத்தாழ மூன்றிலிருந்து ஐந்து வரை இருக்கும். வேறு அடுக்கு வந்தால் நானோமீற்றரை மீற்றராக மாற்றாமல் விட்டிருப்பீர்கள், அல்லது L ஐ வர்க்கிக்க மறந்திருப்பீர்கள்.

படி 6: அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்

கணக்கு 453, அளவீடு 556. நூறு வித்தியாசம். இங்கே பயந்துபோய் விடையை முடித்துவிட வேண்டாம், நல்ல புள்ளிகள் இதற்கப்புறம்தான் இருக்கின்றன.

அளந்த அலைநீளம் கூட என்றால் உண்மையான சக்தி இடைவெளி குறைவு, அதாவது உண்மையான பெட்டி நாம் எடுத்ததைவிட நீளம். காரணத்தை முதல் படியில் ஒதுக்கி வைத்தோமே, அந்த முனை வளையங்களில் தேட வேண்டும். பை இலத்திரன்கள் பென்சீன் வளையங்களுக்குள்ளும் ஓரளவு பரவுகின்றன. அதைக் கணக்கில் சேர்க்க நீளத்தில் α என்று ஒரு சிறு திருத்தம் வைக்கிறோம். மாறிலிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

```
λ (nm) = 63.7 × (p + 3 + α)² / (p + 4)
```

p = 5, λ = 556 என்று போட்டால் (8 + α)² = 78.6 வரும், α = 0.86. ஒரு பிணைப்பு நீளத்துக்கும் குறைவான நீட்சி என்பதால் நம்பக்கூடிய எண்தான். α 3 அல்லது 4 என்று வந்திருந்தால் சங்கிலியைத் தவறாக எண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம்.

சரி, ஒரு எண்ணை அளவீட்டுக்குப் பொருந்தும்படி நாமே தெரிவு செய்துவிட்டு "பார், பொருந்துகிறது" என்று சொல்வது நியாயமில்லை. அதே α ஐ அதே குடும்பத்தின் வேறு சாயத்தில் போட்டால்தான் பரீட்சை. முனை வளையங்கள் மாறாமல் சங்கிலி மட்டும் குறைந்த சாயத்தில் p = 3. கணக்கு 428 தருகிறது, அளவீடு 425 அளவில். ஊதா ஒளியை விழுங்குவதால் கரைசல் மஞ்சளாகத் தெரியும். சங்கிலி கூடிய சாயத்தில் p = 7. கணக்கு 683, அளவீடு 650க்குச் சற்று மேல். கரைசல் நீலம். இரண்டு காபன் கூடும்போது உச்சம் ஏறத்தாழ 100 நானோமீற்றர் நகர்கிறது என்ற போக்கை மாதிரியுரு சரியாகப் பிடிக்கிறது. நீண்ட சங்கிலியில் ஐந்து வீதம் பிசகுகிறது. α எல்லாச் சாயத்துக்கும் ஒரே எண் இல்லை, நீண்ட சங்கிலியில் குறைகிறது. அதையும் அப்படியே எழுதுங்கள்.

எங்கே உடைகிறது: நுவரெலியா கரட்

மாதிரியுருவின் எல்லையைக் கேட்டால் "இலத்திரன்களுக்கிடையிலான தள்ளுகையைப் புறக்கணிக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். சரிதான், ஆனால் அதைவிடப் பலமான சான்று நம் ஊர்த் தோட்டத்திலேயே இருக்கிறது. கரட்டைச் சீவி எண்ணெயில் வதக்கினால் எண்ணெய் செம்மஞ்சளாகும். எண்ணெயில் கரைந்து வரும் அந்த நிறம் பீற்றா கரட்டீன். அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக 11 இரட்டைப் பிணைப்பு, ஆகவே 22 பை இலத்திரன், 21 பிணைப்பு. முனை நீட்சி எதுவும் சேர்க்காமலே L = 2.92 நானோமீற்றர்.

```
ΔE = 23 h²/8mL²,  λ = 1220 nm
```

இது சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்ப் பகுதி. உண்மையில் கரட்டீன் உறிஞ்சுவது 450 நானோமீற்றர் அருகில், நீலத்தில். சயனீனில் நூறு பிசகிய மாதிரியுரு இங்கே எண்ணூறுக்கு நெருக்கமாகப் பிசகுகிறது. பெட்டியை நீட்டி இதைச் சரிசெய்யவும் முடியாது, நீட்டினால் λ இன்னும் கூடும்.

காரணம் முதல் படியில் எழுதச் சொன்ன வரிதான். கரட்டீனுக்குச் சம மதிப்புள்ள இரண்டு பரிவுக் கட்டமைப்புகள் கிடையாது. இரட்டைப் பிணைப்புகளை மறுபக்கம் மாற்றினால் முனைக் காபன்கள் இரண்டும் சோடியில்லாமல் நிற்கும். அதனால் பிணைப்புகள் குறுகியது, நீண்டது என்று மாறி மாறி இருக்கின்றன. பெட்டியின் தரையும் தட்டையாக இல்லாமல் மேடும் பள்ளமுமாகிறது. அந்த மேடுபள்ளம் நிரம்பிய மட்டத்துக்கும் வெறுமையான மட்டத்துக்கும் நடுவே கூடுதலாக ஓர் இடைவெளியைப் போடுகிறது. சங்கிலி எவ்வளவு நீண்டாலும் அது மறையாது.

கூன் இதற்கும் ஓர் உறுப்பைச் சேர்த்தார்:

```
ΔE = (N + 1) h²/8mL² + V₀ (1 − 1/N)
```

V₀ ஏறத்தாழ 2 eV. கரட்டீனுக்கு முதல் உறுப்பு 1.02 eV, இரண்டாவது 1.91 eV. கூட்டினால் 2.93 eV, அலைநீளம் 424 நானோமீற்றர். 450க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. V₀ இன் பெறுமதி இத்தகைய சேர்வைகளின் அளவீடுகளுக்குப் பொருத்தி எடுத்தது, பெட்டிக் கணக்கிலிருந்து தானாக வந்தது இல்லை என்பதையும் விடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சயனீனுக்கு V₀ ஐப் பூச்சியமாக எடுக்கிறோம், மேலே செய்த முழுக் கணக்கும் அந்த நிலைதான்.